கொத்தனாருக்கு வீடு காட்டுதல்

வலியசாலை சீதாலக்ஷ்மி மாமி வீடு காட்டும் விதத்தைப் பார்த்தால், விற்க வந்தவளா, விரட்ட வந்தவளா என்று சந்தேகம் வரும். மற்ற புரோக்கர்கள் வாசலில் நின்று கிழக்குப் பார்த்த வீடு, கார் வரும் வழி, வற்றாத கிணறு என்று பல்லவி பாடும்போது, இவள் நேராகக் கொண்டுபோய்க் கழிவறையைத் திறந்துவிடுவாள். அப்புறம் சமையலறைத் தொட்டியின் அடி, அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் பின்முற்றம். எல்லா அழுக்கையும் காட்டி முடித்த பிறகுதான் கூடம்.

"முதல்ல நல்லதைப் பார்த்துட்டா, கெட்டது கண்ணுலயே படாது கேட்டேளா. அப்பறம் குடி வந்து ஆறு மாசம் கழிச்சு என்னை வைவா. அதுக்கு இப்பவே முகத்தைச் சுளிச்சுண்டு போகட்டும்" என்பாள்.

அவளுக்கு இன்னும் சில பிடிவாதங்கள் உண்டு. நல்ல வெயிலில் வீடு காட்டினால், மழையில் இன்னொரு முறை வந்து பார்க்கச் சொல்வாள். தான் கூட இல்லாத நேரத்தில் அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்வாள். முதல் நாளே டோக்கன் அட்வான்ஸ் என்று பணத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஆதாரம் என்று இந்த ஊரில் சொல்லும் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி கட்டிய ரசீது எல்லாவற்றையும் வாங்குகிறவரின் வக்கீல் படித்துச் சரி சொல்ல வேண்டும், அப்புறம்தான் பணப் பேச்சு. வக்கீலும் அவர்களே பிடித்த வக்கீலாக இருக்க வேண்டும். இவள் யார் பேரையும் சொல்ல மாட்டாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் திட்டம் போட்டு வந்தவள் அல்ல. அக்ரகாரத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் பெங்களூருக்குப் போனபோது சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டினாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கண்டுகொண்டாள். வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். திறந்ததைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவார்கள். எவரோ ஒருவர் மட்டும் கிளம்பும்போது திரும்பிப் போய், யாரும் சொல்லாமலே அந்த ஜன்னலைச் சாத்துவார். அப்படிச் சாத்துகிறபோது அவருக்கே அது தெரியாது. விருந்தாளியாக உள்ளே போனவர் வீட்டுக்காரராக வெளியே வருவார். அந்த நொடியை எத்தனையோ முறை பார்த்துவிட்டாள் மாமி. இன்னமும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். கோயிலில் திரை விலகும்போது வருகிற சிலிர்ப்புக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை என்று கணவரிடம் சொல்லி, அவருடைய சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட மாமிக்கும் ஒரு சோதனை வந்தது. அதன் பேர் வன்னியபெருமாள்.

வன்னியபெருமாள் கொத்தனார். மீசை முளைத்த வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கரண்டியோடு மலையாளக் கரைக்கு ரயிலேறியவர். இந்த ஊரில் அவர் கை படாத பேட்டை இல்லை. மனைவி உலகம்மை சித்தாளாகச் சட்டி சுமந்தவள். மகள் சுஜா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று பேரும் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் வாடகை வீட்டில் இருப்பது புதிதல்ல, எல்லாக் கொத்தனார்களுக்கும் உள்ளதுதான். ஆனால் சுஜா விடவில்லை. தன் சம்பளத்தையும் அப்பாவின் சேமிப்பையும் காட்டி வங்கியில் கடனுக்கு அனுமதி வாங்கிவிட்டாள். ஓணத்துக்குள் வீட்டை முடிக்க வேண்டும். தாண்டினால் அனுமதி காலாவதியாகும். மறுபடி கேட்கப் போனால் அப்பாவின் வயது ஒன்று கூடியிருக்கும், கடனைக் கட்டும் காலம் குறையும், மாதத் தவணை அவர்கள் தூக்க முடியாத சுமையாகும். சுருக்கமாகச் சொன்னால், இந்த வருஷம் இல்லையென்றால் எந்த வருஷமும் இல்லை.

இது மாமிக்குத் தெரியும். வன்னியபெருமாளுக்கும் தெரியும். தெரிந்தும் என்ன பயன்? அவருக்கு எந்த வீடும் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்றால் கூடச் சரி, விட்டுத் தொலைக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒளிந்திருந்த குறை அவருக்குப் புரிந்துவிட்டது, அதுதான் பிரச்சினை. சட்டைப் பையில் ஒரு தூக்குக்குண்டு எப்போதும் இருக்கும். நூலில் கட்டிய அந்தப் பித்தளைக் குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டு ஒரு கண்ணைச் சுருக்குவார். விரல் முட்டியால் தரை டைல்ஸைத் தட்டி, டொக்கென்று கேட்கும் இடத்தில் உதட்டைப் பிதுக்குவார். கடைசியாகக் குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பார்.

நேமத்து வீட்டில், "மாமி, இந்த ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிச்சிருக்கான் பாருங்க. சுவருக்குப் பவுடர் போட்டிருக்கான். உள்ள ஒழுக்கு" என்றார். வட்டியூர்க்காவில், "தூணு குண்டுக்கு நிக்கலை" என்றார். பாப்பனங்கோட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. குளியலறையில் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கி நின்றது. எழுந்து வேட்டியை உதறிவிட்டு வாசலுக்கு நடந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் மாமியைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மாமிக்கு ஆரம்பத்தில் இது வேடிக்கையாக இருந்தது, பிறகு எரிச்சலாக, அதன் பிறகு பிரமிப்பாக. நாம் சுவரைப் பார்க்கிறோம், இந்த மனிதர் சுவருக்குள் பார்க்கிறார் என்று தோன்றியது. எதைத் தின்றால் என்ன நோய் என்று தெரிந்த டாக்டருக்குச் சாப்பிடப் பிடிக்காமல் போவது போல இவருக்கு வீடு பிடிக்காமல் போய்விட்டது. ஆனால் ஓணம் வந்துகொண்டே இருந்தது. சுஜா இரவுப் பணி முடிந்த அசதியோடு ஒருநாள் போனில் அழைத்தாள்.

"மாமி, அப்பாகிட்ட ஏதாவது சொல்லுங்க. சண்டை போட்டு எனக்கு மதியாயி, போதும்னு ஆயிப்போச்சு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா ஒவ்வொரு வீட்டையும் பார்த்துட்டு வந்த அன்னைக்கு அம்மா சாப்பிடறதே இல்ல."

அன்று மாலை மாமி பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, எதிர்ச் சாயாக் கடையில் வன்னியபெருமாளைப் பிடித்தாள். வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லணும். உங்களுக்கு நம்பிக்கை இல்லாதது வீட்டு மேலயா, என் மேலயா?"

அவர் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒங்க மேல என்ன மாமி இருக்கு. நீங்கதான் முதல்ல ஓட்டையைக் காட்டுதீய. எனக்கு நம்பிக்கை இல்லாதது அந்தக் கைங்க மேல. யாரு போட்டானோ, எந்தக் காண்டிராக்டுகாரன் சிமெண்டைக் குறைக்கச் சொன்னானோ. ராத்திரி கண்ணை மூடினா அந்தக் கலவைதான் தெரியுது. வாழ்நாள் காசு அம்புட்டையும் ஒரு தெரியாதவன் கலக்கின கலவையில கொண்டு கொட்டணுமான்னு இருக்கு."

இத்தனை நாளாக இவரிடம் வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தோம், இவர் கேட்டதோ கட்டிய ஆளை என்று அப்போதுதான் மாமிக்கு உறைத்தது.

"அப்போ நீங்க கட்டின வீடுன்னா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் எவன் விக்கப் போறான்."

"விக்கறானா இல்லையான்னு பாக்கறது என் வேலையாக்கும். எங்கெங்க கட்டினேள்னு மட்டும் சொல்லுங்கோ. காண்டிராக்டர் தலையிடாம, நீங்களே நின்னு கட்டினது."

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். மனிதர்களின் பேர் ஒன்றும் நினைவில்லை. பலாமரத்து வீடு, இரட்டைக் கிணற்று வீடு, நாய் கடித்த வீடு என்று வந்தன. மாமி மறுநாளிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தாள். யாரும் விற்கிறேன் என்று சொல்லாத வீடுகளின் கேட்டைத் தட்டி, விற்பீர்களா என்று கேட்பது லேசான காரியமில்லை. ஒரு வீடு இடிந்து அடுக்குமாடியாகியிருந்தது. ஒரு வீட்டில், எங்களுக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாய் கடித்த வீட்டில் இப்போதும் நாய் இருந்தது. பேயாடு பக்கம் பலாமரத்து வீட்டுக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வசுமதி டீச்சர் மகனோடு மஸ்கட்டில் இருக்கிறார், சாவி என்னிடம்தான் இருக்கிறது. மாமி டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் நீண்ட நேரம் யோசித்து, மகனும் திரும்பி வருகிற மாதிரி இல்லை, யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார்.

"கட்டினவர்தான், டீச்சர்" என்றாள் மாமி.

ஆளை வரச் சொல்லுங்கள் என்று டீச்சர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்.

விலை பேசினாள், கொஞ்சம் குறைத்தாள், காகிதங்களின் நகலை வரவழைத்தாள். பிறகு வன்னியபெருமாளைக் கூப்பிட்டு, ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் மூன்று பேரும் வந்து இறங்கும்வரை நம்பவில்லை.

மேகம் கவிந்திருந்தது. பலாமரம் வீட்டைவிட உயர்ந்து நின்றது. உலகம்மை இறங்கியதும் மரத்தைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், மொட்டை மாடியைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"இந்த மரம் அப்ப என் இடுப்புக்கு நின்னுது" என்றாள். மாமி இவ்வளவு நாளில் அவளிடமிருந்து கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான்.

மாமி பூட்டைத் திறந்தாள். பழக்க தோஷத்தில், "பின்னால வாங்கோ, முதல்ல பின்முற்றம் பாத்துடலாம்" என்று நடக்கத் தொடங்கியவள், பாதியில் நின்றாள். உலகம்மை முன்வாசலில், படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் நிக்கறேள்?"

"இந்த வாசல் வழியா நான் உள்ள போனதில்ல மாமி" என்றாள் உலகம்மை. "கட்டும்போது வாசலே கிடையாது, எங்கிட்டு வேணாலும் போவோம். பால் காய்ச்சின அன்னைக்கு முத்தத்துல பந்தி போட்டாவ. டீச்சரம்மா நல்லாத்தான் கவனிச்சாவ, ரெண்டு தடவை பாயசம் ஊத்தினாவ. அன்னைக்கே வேற வேலைக்குப் போயிட்டோம். கதவு போட்ட பொறவு நான் உள்ள போகலை."

வாழ்க்கையில் முதல் முறையாக மாமி தான் வைத்த விதியைத் தானே மீறினாள். கழிவறையும் வேண்டாம், பின்முற்றமும் வேண்டாம் என்று, முன்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்து ஒதுங்கி நின்றாள். உலகம்மை வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள். சுஜா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

கூடத்தின் நடுவில் போய் நின்று உலகம்மை தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். அந்தக் கான்கிரீட் தளம் போட்ட நாளில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சட்டி சட்டியாகக் கலவை அவள் தலை வழியாகத்தான் மேலே போனது. அப்போது அவள் பார்த்தது ஏணியின் படிகளை மட்டும். இப்போதுதான் கீழேயிருந்து அதைப் பார்க்கிறாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு விரிசல் இல்லை, ஒரு ஈரத் தடம் இல்லை. இத்தனை மழைக்காலம் அதன்மேல் கொட்டித் தீர்த்திருக்கிறது.

"இவ்வளவும் நாங்க சுமந்தது" என்றாள் மகளிடம். சுஜா நிமிர்ந்து பார்த்துவிட்டு அம்மாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மாமி சுவரோரம் நின்று பார்த்தாள். வீடு பார்க்க வருகிறவர்களில் அண்ணாந்து பார்க்காதவர் கிடையாது. மின்விசிறிக் கொக்கி எங்கே, விளக்கு எங்கே என்றுதான் பார்ப்பார்கள். இப்படி ஒருத்தி கூரையைப் பார்த்து அவள் கண்டதில்லை. நாம் இத்தனை வருஷம் கதவைத் திறந்து திறந்து மூடினோமே, ஒரு வீட்டுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று திகைத்துப் போனாள்.

ஆனால் வன்னியபெருமாள் வன்னியபெருமாள்தான். அவர் தூக்குக்குண்டை எடுத்துவிட்டார். மூலைச் சுவரில் நூலைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. கண்ணைச் சுருக்கினார். மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான இடைவெளி. அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை. வெளிச்சத்துக்காக ஒவ்வொரு அறை ஜன்னலையும் திறந்துவிட்டு, சமையலறைச் சுவரை உள்ளங்கையால் தடவினார். டீச்சர் வீட்டுத் தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை. முட்டி போட்டு உட்கார்ந்து தட்டித் தட்டி நகர்ந்தார். எங்கும் டொக்கென்று கேட்கவில்லை. அவர் முகத்தில் ஒரு இளமை வந்திருந்தது, பரீட்சையில் தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற பையனைப் போல.

கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரோடு குளியலறைக்குப் போனார். மூன்று பெண்களும் வாசலில் நின்றார்கள்.

ஊற்றினார். தண்ணீர் பரவியது, வடிகாலைப் பார்த்து நகர்ந்தது, பாதிக்கு மேல் ஓடியும் போனது. மீதி மெல்ல வளைந்து, கதவுக்குப் பின்னால் உள்ள மூலைக்குப் போய், அங்கே நின்றுவிட்டது.

அவர் குந்தி உட்கார்ந்தபடி அதையே பார்த்தார். இன்னொரு குவளை ஊற்றினார். அதே மூலை.

மாமிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. பாப்பனங்கோட்டு வீட்டை இதே மூலைக்காகத்தான் உதறிவிட்டுப் போனார். ஓணத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று மனது கணக்குப் போட ஆரம்பித்தது. இருந்தாலும் அவள் வாயால், பரவாயில்லை, சின்ன விஷயம் என்ற வார்த்தை வரவில்லை. அதைச் சொல்லாமல் இருந்து சம்பாதித்ததுதான் அவள் பேர். "தேங்கறது மேஸ்திரி. நான் முன்னாடியே பாத்திருக்கணும், நேத்து வந்தப்போ தண்ணி ஊத்திப் பாக்கலை" என்றாள்.

"யாரும் இதுல கை வச்ச மாதிரி தெரியலை" என்றார் அவர், திரும்பாமலே. "பழைய தரைதான். நான் போட்டதுதான். எனக்கு மட்டம் தப்பியிருக்கு."

வெளியே பலா இலைகள்மேல் முதல் தூறல் விழும் சத்தம் கேட்டது.

"எத்தனை வீட்டுல நின்னு, எவன்டா இந்தக் கொத்தன்னு திட்டினேன். இங்க இத்தனை வருசமா இதே மூலையில தண்ணி நின்னிருக்கு, டீச்சரம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலை" என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "சரி. வாங்கின மறுநாளே இதை உடைச்சுச் சரியாப் போட்டுருவேன்" என்றார்.

வாங்கின மறுநாள் என்று அவர் சொன்னது மாமியின் காதில் விழுந்தது. அது உள்ளே இறங்க ஒரு கணம் பிடித்தது.

அதற்குள் உலகம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். மூலையில் கிடந்த பழைய துணியை எடுத்தாள். தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்துப் பிழிந்தாள்.

"உடைக்க வேண்டாம். இது இப்படியே கிடக்கட்டும்" என்றாள். "எல்லார் வேலையிலயும் நொட்டை சொல்லுதீயளே, ஒங்களுக்குச் சொல்லிக் காட்ட எனக்கும் ஒண்ணு வேணும்லா. நான் தொடச்சுக்கிடுதேன்."

சுஜா சிரித்துவிட்டாள். வன்னியபெருமாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டு, டோக்கன் பணம் வைத்த ஒரு கவரை எடுத்தார். கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் தாலியை எடுக்கிற அவசரம் அதில் இருந்தது. மாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இப்போ வேண்டாம். உங்க வக்கீல் காகிதத்தைப் படிக்கட்டும், சர்வேக்காரர் வந்து அளந்து எல்லை சரியான்னு பாக்கட்டும். பாங்க்காராளும் வந்து மதிப்புப் போடணும். டீச்சர் காத்துப்பா. நான் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் நூறு கேள்வி கேட்டிருப்பார். இன்று கவரை மறுபடி பைக்குள் வைத்து, அதன்மேல் தூக்குக்குண்டைப் போட்டார். "நீங்க சொன்னாச் சரி மாமி" என்றார்.

தூறல் வலுத்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மாமி முன்கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை மாட்டப் போனாள். அப்போது வன்னியபெருமாள், "ஒரு நிமிசம்" என்று அவளை விலக்கிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். எதையோ மறந்து வைத்துவிட்டார் என்று மாமி நினைத்தாள். கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் அவர் போவது தெரிந்தது.

அங்கே கொக்கி விழும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த அறையில். பிறகு அதற்கடுத்த அறையில்.

மாமி கையில் பூட்டோடு நின்றாள். அவள் உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. மழைச்சாரல் தெறித்ததால் என்று நினைத்துக்கொண்ட சுஜா, தன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள். உள்ளே, தான் கட்டிய வீட்டுக்குள் மழை வராதபடி, ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார் வன்னியபெருமாள்.